கல்லில் அடிப்பதா, வாளியில் கும்முவதா, பிரஷ் போடுவதா?

நாலு வருஷமாகத் துவைக்கிற பருத்தி வேட்டி இன்னும் திடமாக இருக்கும். பக்கத்திலேயே தொங்கும் ரேயான் டாப்ஸ் வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, அக்குள் தையல் ஓரத்தில் துணி நைந்து பிரிந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே சோப்பு, ஒரே தண்ணீர், துவைத்ததும் ஒரே கை. துணி மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால், எந்தத் துணி ஈரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க வேண்டும். கல்லா, வாளியா, பிரஷா என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும். காய்ந்த நிலையில் இருப்பதைவிடப் பத்து, இருபது சதவீதம் அதிக இழுவையைத் தாங்கும். அடித்துத் துவைக்கும் பழக்கம் இந்த ஊரில் காலங்காலமாக நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அன்று கட்டியதெல்லாம் பருத்தி. ரேயான் இதற்கு நேர்மாறு. லேபிளில் விஸ்கோஸ் என்றும் போட்டிருப்பார்கள். நனைந்தவுடன் தன் பலத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை இழந்துவிடும், காய்ந்ததும் திரும்பப் பெறும். ஆக அது மிகவும் நோஞ்சானாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் நாம் அதை அடிக்கிறோம், முறுக்குகிறோம். பாலியஸ்டருக்கு ஈரமும் காய்ச்சலும் ஒன்றுதான், பலம் மாறாது. ஆனால் உரசினால் நூல் முனைகள் வெளியே வந்து உருண்டை உருண்டையாகத் திரளும். பள்ளிச் சீருடைச் சட்டைகள் பெரும்பாலும் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்தவை, அவற்றின் காலர் ஓரத்தில் இதைப் பார்க்கலாம்.

லேபிள் கிழிந்துபோன துணி பருத்தியா ரேயானா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் ஒன்றை, ஒரு விரல் நீளத்துக்கு உருவிக்கொள்ளுங்கள். அது தையல் நூலாக இல்லாமல் துணியின் நூலாகவே இருக்க வேண்டும். நடுவில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து இரண்டு முனைகளையும் பிடித்து இழுங்கள். ஈரமான இடத்திலேயே பொசுக்கென்று அறுந்தால் ரேயான். ஈரத்தை விட்டுவிட்டு காய்ந்த பகுதியில் அறுந்தால் பருத்தி. நூல் உருவ மனமில்லாவிட்டால் துணியை முழுக்க நனைத்துப் பிடித்துப் பாருங்கள். ரேயான் நனைந்ததும் கனத்து, அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். பருத்தி அவ்வளவு விறைக்காது.

மூன்று முறைகளும் உண்மையில் என்ன செய்கின்றன

கல்லில் அடிக்கும்போது அழுக்கைப் பெயர்ப்பது அடியின் பலம் என்றுதான் தோன்றும். உண்மையில் நூல்களுக்கு இடையில் இருக்கும் சோப்புத் தண்ணீர் அந்த அழுத்தத்தில் வேகமாக வெளியேறுகிறது, போகும்போது அழுக்கையும் இழுத்துப்போகிறது. கனமான பருத்திக்கு இதைவிட விரைவான முறை கிடையாது. வேட்டி, லுங்கி, துண்டு, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் தாராளமாகக் கல்லில் போடலாம். ஆனால் அடி துணி முழுதும் சமமாக விழாது. மடிப்பு விளிம்பு, காலர் மடிப்பு, கைப்பட்டி, தையல் கனம் உள்ள இடங்கள் ஆகியவைதான் முதலில் கல்லில் படும். சட்டையின் உடம்பு நன்றாக இருக்கும்போதே காலர் ஓரம் வெள்ளையாக நைந்துபோவது இதனால்தான். பித்தான் உடைவதும் அப்படியே. சட்டையைக் கல்லில் போட்டே தீர வேண்டும் என்றால், உட்புறத்தை வெளியே திருப்பி, பித்தான் வரிசை உள்ளே போகும்படி மடித்துக்கொண்டு அடியுங்கள்.

கும்முவது அதே வேலையைக் கல் இல்லாமல் செய்வது. வாளியில் நுரைநீருக்குள் துணியை இரண்டு கையாலும் அமுக்கி, விட்டு, திருப்பிப் போட்டு மறுபடி அமுக்க வேண்டும். அமுக்கும்போது தண்ணீர் துணியின் வழியாக வெளியே வரும், விடும்போது உள்ளே ஏறும். மூன்று நான்கு நிமிடம் இப்படிச் செய்தால் துணியில் பரவலாகப் படிந்திருக்கும் வியர்வையும் தூசியும் போய்விடும். நூல் கரடான எதிலும் உரசாததால் ரேயான், மெல்லிய பருத்தி, பனியன், லெக்கிங்ஸ் எதற்கும் ஆபத்தில்லை. குறை ஒன்றுதான்: காலர், கைப்பட்டி, பேன்ட் கால் விளிம்பு போன்ற இடங்களில் ஏறிய எண்ணெய் அழுக்கு இதற்கு அசையாது.

அந்த இடங்களுக்குத்தான் பிரஷ். தரையில் விரித்துவைத்து, துணி முழுதும் பிரஷ் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, குறிப்பாக ஜீன்ஸுக்கு. அது துணியைச் சுத்தமாக்குவதைவிட வேகமாகத் தேய்க்கிறது. அடர்ந்த நிறத் துணி சீக்கிரம் வெளுத்துப்போனதாகத் தெரிவதில் ஒரு பங்கு சாயம் போனதால் வருவதில்லை. உரசி உரசி மேல்நூல் நுண்ணிய இழைகளாகப் பிரிந்து, அந்தப் பொசுபொசுப்பு ஒளியைச் சிதறடிப்பதால் துணி மங்கித் தெரிகிறது. கறுப்புச் சட்டையின் காலர் மடிப்பு சாம்பல் நிறமாவதைக் கூர்ந்து பார்த்தால் இந்த இழைகள் கண்ணுக்கே தெரியும். பின்னல் துணிகளில், அதாவது பனியன், டி-சர்ட் வகைகளில், பிரஷ் முடி கண்ணிகளை இழுத்துவிடும். எனவே நைலான் முடி பிரஷ், அதுவும் விரலால் வளைக்கும்போது குத்தாத மென்மையானது, நெய்த துணியின் காலருக்கும் கைப்பட்டிக்கும் கால் விளிம்புக்கும் மட்டும். நூல் ஓடும் திசையிலேயே பத்துப் பதினைந்து இழுப்பு போதும், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். ரேயானுக்குப் பிரஷ் எங்கேயும் கூடாது.

என் தீர்ப்பு இதுதான். இன்றைய வீட்டு அலமாரியில் கலப்புத் துணியும் ரேயானும் பின்னல் துணியும் அதிகம். அதனால் வாளியில் ஊறவைத்துக் கும்முவதை அடிப்படை முறையாக வைத்துக்கொள்ளலாம். கனத்த பருத்திக்கு மட்டும் கல். காலர் போன்ற இடங்களுக்கு மட்டும் பிரஷ். எல்லாவற்றையும் கல்லிலேயே முடிப்பது நேரத்தை மிச்சம் பிடிக்கும், துணியைச் செலவழிக்கும்.

ஊறவைப்பது: அரை மணி போதும், ராத்திரி வேண்டாம்

கும்மினாலே போதும் என்று சொல்வதற்கு ஊறல் சரியாக இருக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு தூள், கடைசியில் துணி என்ற வரிசையை மாற்றாதீர்கள். சுமார் இரண்டு கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணீர், அதில் குவித்த மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி தூள், அதாவது ஏறக்குறைய 30 கிராம். கையால் நன்றாகக் கலக்கி, அடியில் நறநறப்பு இல்லை என்று தெரிந்தபிறகே துணியைப் போட வேண்டும். துணியின் மேல் தூளைத் தூவி தண்ணீர் விட்டால், கரையாத தூள் உட்கார்ந்த இடத்தில் மட்டும் காரம் அதிகமாகி நிறம் தின்றுவிடும். தூளில் இருக்கும் வெண்மையூட்டும் பொருள் அங்கேயே திட்டாக ஏறிக்கொள்ளும். காக்கி, இளம்நீலம் போன்ற நிறங்களில் துவைத்தபின் தெரியும் வெளிர் திட்டுகளில் பல இப்படி வந்தவை.

சாதாரண அழுக்குக்கு 20 முதல் 30 நிமிடம் ஊறினால் போதும். சோப்பு நீர் நூலுக்குள் ஏறி, எண்ணெய்ப் படலத்தைத் தளர்த்தும் வேலை அந்த நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் விட்டால் என்ன கெடும்? நுரை அடங்கியபின், தண்ணீரில் மிதக்கும் அழுக்கு மெல்ல மறுபடி துணியிலேயே படியும். வெள்ளைத் துணிகள் வருஷத்துக்கு வருஷம் சாம்பல் பூப்பதற்கு இது ஒரு வழி. நிறத் துணிகளின் சாயம் பக்கத்துத் துணிக்கு ஏற நேரம் கிடைக்கும். நம் ஊர் வெக்கையில் எட்டுப் பத்து மணி நேரம் கிடந்த அழுக்குத் தண்ணீரில் கிருமிகள் பெருகி, அலசியபிறகும் போகாத முடை நாற்றம் வரும். அதை மணமுள்ள திரவம் ஊற்றி மறைப்பது வீண்செலவு. ஜிப், கொக்கி உள்ள துணியில் துருக்கறை வேறு. ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் துவைப்பதற்குப் பதில், காலையில் பல் தேய்க்கப் போகும்போது ஊறப்போட்டு காபி குடித்துவிட்டு வந்து துவைத்தால் கணக்கு சரியாக வரும்.

விதிவிலக்குகள் சில. ரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர் மட்டும். வெந்நீர் விட்டால் கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் என்சைம் என்று போட்ட தூளாக இருந்தால் இந்தக் கறைகளுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் 45 நிமிடம் வரை விடலாம், கொதிக்கும் தண்ணீரில் அந்த என்சைம் செத்துவிடும். சாம்பாரோ மஞ்சளோ பட்ட இடம் சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறினால் பதறத் தேவையில்லை. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தில் சிவக்கும், அவ்வளவுதான். அலசினால் மஞ்சளாகத் திரும்பும். மிச்சத்தை வெயில் வெளுக்கவைக்கும். இந்தக் கறைக்குப் பிரஷ் போடுவதைவிட இரண்டு நாள் வெயில் நல்லது.

காலரை ஊறலுக்கு முன்பே தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே இருப்பது தோலிலிருந்து வந்த எண்ணெயும் அதில் ஒட்டிய தூசியும். பாலியஸ்டர் கலந்த துணி எண்ணெயைப் பருத்தியைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், சீருடைக் காலர் அடம்பிடிப்பது அதனால்தான். வாளியில் சோப்பு 10 லிட்டரில் கரைந்து நீர்த்துக் கிடக்கிறது. காலருக்கு வேண்டியது அடர்த்தியான சோப்பு. காலரை மட்டும் நனைத்து, சோப்புக் கட்டியை நேராக மேலே தேய்த்து, பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு வாளியில் போடுங்கள். ஊறி முடிந்ததும் காலரின் ஒரு பாதியை மறு பாதியோடு வைத்துக் கையால் கசக்கினாலே பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் இருந்தால் மட்டும் பிரஷ்.

புதுத் துணியை, அதிலும் மெரூன், கருநீலம், சுங்குடி வகைகளை, ஊறப்போடவே கூடாது. உள்மடிப்பை நனைத்து ஒரு வெள்ளைக் கந்தலை அதன்மேல் ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். கந்தலில் நிறம் ஏறினால் அந்தத் துணிக்கு ஐந்து நிமிடக் கும்மல், உடனே அலசல், தனியாக. உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். உப்பு இருக்கும் தண்ணீரில் சில சாயங்கள் குறைவாகக் கரையும் என்பது சரி. ஆனால் உப்பு சாயத்தை நூலோடு கட்டிவைக்காது, அடுத்த முறை உப்பில்லாத தண்ணீரில் போட்டால் பழையபடி போகும்.

கட்டியா தூளா: தண்ணீரைக் கேட்டு முடிவெடுங்கள்

கடையில் சோப்புக் கட்டி என்று கேட்டால் இரண்டு வேறு சரக்குகளைத் தருவார்கள். ஒன்று எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த அசல் சோப்பு. இன்னொன்று டிடர்ஜென்ட் பார், அது தூளின் வேதிப்பொருளையே கட்டியாக்கியது. உறையில் எழுதியிருக்கும். மென்தண்ணீர் வரும் வீட்டில் இரண்டும் சரியாக வேலை செய்யும். போர் தண்ணீர் வரும் வீட்டில் அசல் சோப்பு தோற்றுவிடும்.

காரணம் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, மாற்று ஏற்பாடே இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீர் 300 என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டரில் 3 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு இருக்கும். அதைக் கட்டிப்போடவே ஏறக்குறைய 18 கிராம் அசல் சோப்பு செலவாகிவிடும். அதற்குப் பிறகு கரைவதுதான் நுரையாகி அழுக்கை எடுக்கும். செலவான சோப்பு எங்கும் போய்விடாது. வாளி ஓரத்தில் பிசுபிசுத்த சாம்பல் திரையாகவும், துணியில் விறைப்பாகவும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துண்டு நாளடைவில் பழுப்பேறித் தண்ணீர் உறிஞ்சாமல் போவதற்கு இந்தத் திரை ஒரு பெரிய காரணம்.

எனவே தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் ஊறலுக்குத் தூளோ திரவமோ, காலருக்கு டிடர்ஜென்ட் பார். அசல் சோப்பையே பயன்படுத்த விரும்பினால், சோப்பு போடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வாளியில் படிகச் சலவைச் சோடா இரண்டு தேக்கரண்டி கரைத்துவிடலாம். அது சுண்ணாம்பைப் படியவைத்துவிடும். தூளில் பெரும்பாலும் சோடா ஏற்கெனவே கலந்திருப்பதால் அதோடு சேர்க்கத் தேவையில்லை. பட்டு, கம்பளிப் பக்கம் சோடா போகவே கூடாது, அந்த நூல்களைக் காரம் அரிக்கும்.

அலசல் என்பது பிழிதலின் கணக்கு

துவைத்ததில் குறை இருந்தால் பார்த்தவுடன் தெரியும். அலசியதில் குறை இருந்தால் பிறகுதான் தெரியும்: கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடு, கழுத்தில் அரிப்பு, இஸ்திரி போடும்போது மஞ்சள் கருக்கல், வியர்த்ததும் எழும் சோப்பு வாடை. நிறையத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. தண்ணீரின் அளவைவிட, ஒவ்வொரு அலசலுக்கும் நடுவில் எவ்வளவு பிழிகிறோம் என்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

வெள்ளைத் துணி இரண்டு கிலோவை எடுத்துக்கொள்வோம்: மூன்று சட்டை, இரண்டு வேட்டி, இரண்டு துண்டு. கையால் நன்றாகப் பிழிந்தால் துணி தன் எடையளவு தண்ணீரை, அதாவது சுமார் 2 லிட்டர், பிடித்துக்கொண்டிருக்கும். அது சோப்புத் தண்ணீர். அதை 8 லிட்டர் நல்ல தண்ணீரில் போட்டு அலசினால் மொத்தம் 10 லிட்டர், சோப்பின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்காகிவிடும். மறுபடி பிழிந்து, மறுபடி 8 லிட்டர் என்று மூன்று முறை செய்தால் ஐந்தில் ஒன்று, அதில் ஐந்தில் ஒன்று, அதிலும் ஐந்தில் ஒன்று. 125ல் ஒரு பங்கு சோப்புதான் மிச்சம்.

இப்போது அதே 24 லிட்டரை ஒரே தடவையாகப் பெரிய டப்பில் ஊற்றி அலசிப் பாருங்கள். 2 லிட்டர் சோப்புத் தண்ணீர் 26 லிட்டரில் கலக்கும், 13ல் ஒரு பங்கு மிச்சம் நிற்கும். தண்ணீர் அதேதான், ஏறக்குறைய பத்து மடங்கு சோப்பு துணியில் தங்கிவிட்டது. இன்னொரு தப்பும் உண்டு. மூன்று முறை அலசுவார்கள், ஆனால் நடுவில் பிழியாமல் சொட்டச் சொட்டத் தூக்கி அடுத்த வாளியில் போடுவார்கள். அப்போது துணியில் 4 லிட்டர் நிற்கும். ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒன்றாகத்தான் குறையும், மூன்று அலசலுக்குப் பிறகு 27ல் ஒரு பங்கு. பிழிந்து அலசியதில் நிற்பதைப்போல நாலு மடங்குக்கு மேல். ஓடும் குழாயடியில் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த எல்லாவற்றையும்விடத் தண்ணீர் தின்னும் வழி. மேலாக ஓடும் தண்ணீர் மடிப்புக்குள் இருப்பதைத் தொடுவதே இல்லை.

போதுமா என்று அறிய, கடைசி அலசலில் ஒரு துணியின் கனமான பகுதியை, காலரையோ இடுப்புப் பட்டியையோ, தனியாகப் பிழிந்து அந்தத் தண்ணீரைப் பாருங்கள். நுரைக் குமிழி நிற்கக் கூடாது, விரலுக்கிடையில் வழுக்கக் கூடாது. வாளித் தண்ணீர் தெளிவாக இருப்பதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

இரண்டு மூன்று ஈடாகத் துவைப்பவர்கள் இன்னும் மிச்சம் பிடிக்கலாம். முதல் ஈட்டின் மூன்றாவது அலசல் தண்ணீர் ஏறக்குறைய நல்ல தண்ணீர்தான். அது அடுத்த ஈட்டின் முதல் அலசலுக்கு ஆகும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற தெருக்களில் இது தெரியாதவர்கள் குறைவு.

பிழிவது: முறுக்கா, அமுக்கா

நன்றாகப் பிழியச் சொல்லிவிட்டு ரேயானை முறுக்காதே என்றால் முரணாகத் தோன்றும். முறுக்கிப் பிழிவதில் நூல் நீளவாக்கில் இழுபடுகிறது, கூடவே ஒன்றோடொன்று உரசுகிறது. கனத்த பருத்திக்கு அது ஒன்றும் செய்யாது. வேட்டியையும் போர்வையையும் இரண்டு பேர் இரண்டு முனையில் நின்று முறுக்கலாம். நீளவாக்கில் மடித்துக்கொண்டு முறுக்க வேண்டும், கரைப் பகுதியை மட்டும் பிடித்துத் திருகினால் கரை சுருங்கி அலை அலையாக நிற்கும்.

சட்டைக்கு முறுக்கு அரை அளவுதான். பாலியஸ்டர் கலந்த சட்டையை இறுக முறுக்கினால் விழும் சுருக்கம் இஸ்திரிக்கு அடங்காது. காலரின் உள்ளே வைத்துத் தைத்த விறைப்புத் துணி ஒட்டு விட்டு, குமிழ் குமிழாக எழும்பவும் செய்யும். உடம்புப் பகுதியை மட்டும் தளர்வாக ஒரு சுற்று முறுக்கி, காலரை உள்ளங்கைக்குள் வைத்து அமுக்கி எடுங்கள்.

ரேயான், பனியன், டி-சர்ட், லெக்கிங்ஸ், உள்ளாடை ஆகியவற்றுக்கு அமுக்கல் மட்டுமே. துணியை நாலாக மடித்து வாளியின் உட்சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்தினால் கணிசமான தண்ணீர் இறங்கிவிடும். அலசல்களுக்கு நடுவில் இது போதும். முறுக்கிய அளவுக்குத் தண்ணீர் போகாது என்பதால் இவற்றுக்கு அலசலை மூன்றுக்குப் பதில் நான்காக்கிவிடுங்கள், கணக்கு சமமாகிவிடும். கடைசியில் ஒரு காய்ந்த துண்டை விரித்து, துணியை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோலச் சேர்த்துச் சுருட்டி, மேலே முழங்கையால் அழுத்தினால் சொட்டாத நிலைக்கு வந்துவிடும். லெக்கிங்ஸிலும் உள்ளாடை இலாஸ்டிக்கிலும் இருக்கிற இழுவை நூல் நூலாம்படைக் கனம்தான். முறுக்க முறுக்க அது உள்ளே அறுந்து, துணி முழங்காலில் தொங்கத் தொடங்கும். கழுத்து தொளதொளத்த பனியன்களும் பெரும்பாலும் முறுக்கின் விளைவுதான்.

ஈரத்தோடு தூக்கும்போதும் கவனம் வேண்டும். நனைந்த ரேயான் டாப்ஸ் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். தோளைப் பிடித்து வாளியிலிருந்து வெளியே தூக்கினால் அந்தக் கனம் முழுதும் தோள் தையலில் விழும், அதுவும் நூல் பாதிப் பலத்தில் இருக்கும்போது. இரண்டு கையையும் அடியில் கொடுத்து ஏந்தித் தூக்க வேண்டும். அதே காரணத்துக்காக, கொடியில் போடும்போது தோளில் கிளிப் மாட்டாமல் நடுவில் மடித்துப் போடுங்கள். உதறுவதும் பருத்திக்குத்தான். பட்டென்று உதறுவது சுருக்கத்தை எடுக்கும், ரேயானின் தையலையும் எடுக்கும்.

ஒரு காலை வேலையாக வரிசைப்படுத்தினால் இப்படி வரும். காலர்களுக்குச் சோப்புத் தேய்த்து வைத்துவிட்டு, ஒரு வாளியில் 10 லிட்டர் சோப்புத் தண்ணீர் கலக்குங்கள். வெள்ளைத் துணி முதலில், 25 நிமிடம். அது ஊறும் நேரத்தில் ரேயான் டாப்ஸைத் தனிப் பாத்திரத்தில், கொஞ்சம் திரவ சோப்பு விட்ட 4 லிட்டர் தண்ணீரில் 10 நிமிடம் வைத்துக் கும்மி அலசிவிடலாம். வெள்ளையில் வேட்டிக்கும் துண்டுக்கும் கல், சட்டைக்குக் கும்மல். துணியை எடுக்கும்போதே வாளிக்குள் பிழிந்துவிட்டால் சோப்புத் தண்ணீர் வீணாகாது. அதில் ஒரு கரண்டி தூள் சேர்த்துச் சாயம் போகாத நிறத் துணிகளை 20 நிமிடம் போடலாம். சாயம் விடும் மெரூன் சுடிதார் அந்தக் கூட்டத்தில் வேண்டாம், அது கடைசியில் தனியாக ஐந்து நிமிடம். ஜீன்ஸை ஜிப் மாட்டி, உட்புறம் வெளியே திருப்பி, அதே பழைய தண்ணீரில் அரை மணி ஊறவிட்டுக் கால் விளிம்புக்கு மட்டும் பிரஷ் போட்டு எடுத்தால் போதும். தண்ணீர் அதற்குள் கலங்கித்தான் இருக்கும், ஜீன்ஸுக்கு அது பொருட்டில்லை. அதில் வெள்ளைக் கைக்குட்டை ஒன்றுகூடத் தப்பித்தவறி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.